பேச்சைத் தொகுத்தால் ஆய்வாகிவிடுமா?

மக்களே பேசட்டும், ஆய்வாளர் குறுக்கே வரக்கூடாது. பண்புசார் ஆய்வு செய்ய வரும் மாணவருக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான். ஆய்வேட்டின் ‘கண்டறிதல்கள்’ இயலில் பக்கத்துக்கு மூன்று நான்கு மேற்கோள்கள் இருந்தால் தரவு செழிப்பாக இருக்கிறது என்கிறார்கள். மேற்கோள் குறைந்து ஆய்வாளரின் வாக்கியங்கள் கூடினால், மக்கள் குரலை அமுக்கிவிட்டார் என்கிறார்கள். தேர்வாளர் அறிக்கைகளிலும் இந்தப் பார்வை ஏறிவிட்டது. இது தவறான பார்வை என்பது என் உறுதியான கருத்து. இதனால் ஆய்வு கெடுகிறது. யாருடைய குரலைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கும் இதனால் அநீதி நடக்கிறது.

இதைப் பொதுப்படையாக வாதிட்டுப் பயனில்லை. ஓர் இடத்தில் நின்று பேச வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஆட்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்று சொல்லும் அந்தச் சாலையில் சமூகவியல், சுற்றுலா, மரபுடைமை, மானிடவியல் என்று எந்தத் துறை மாணவருக்கும் ஒரு தலைப்பு கிடைத்துவிடும். ஒரு முனையில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் குவான் இன் கோயில். அதைத் தாண்டினால் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலின் பின்புறம். பிறகு, தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தானாக இருந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல். அதைச் சுற்றிக் காசு மாற்றும் கடைகள், நகைக்கடைகள், நாசி கண்டார் கடைகள், துணிக்கடைகள். ஒரு பதிவுக் கருவியோடு போனால் ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து நேர்காணல்களை முடித்துவிடலாம். பேசவும் ஆட்கள் தயங்குவதில்லை. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தச் சாலைக் கடைக்காரர்களைப் பற்றிய ஓர் ஆய்வேட்டில் ‘வாடகை உயர்வு’ என்று ஓர் உட்தலைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கீழ் வரும் பகுதியை எடுத்துக்காட்டுக்காக நானே எழுதுகிறேன். எந்தக் கடைக்காரரும் இப்படி எனக்குச் சொல்லவில்லை. ஆனால் இந்த வடிவத்தை ஆய்வேடு படிப்பவர்கள் எல்லோரும் உடனே அடையாளம் காண்பார்கள்.

‘வாடகை உயர்வு பற்றிப் பங்கேற்பாளர் 4 பின்வருமாறு கூறினார்: “எங்க வாப்பா காலத்துல வாடகைன்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் மாறிட்டாரு, வாடகையும் மாறிருச்சு. மேல மாடியில குடியிருந்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க.” பங்கேற்பாளர் 7 பின்வருமாறு கூறினார்: “யுனெஸ்கோ வந்தப்புறம்தான் எல்லாம் ஏறிச்சு. இந்த வாடகைக்கு நாங்க எங்க போறது?” பங்கேற்பாளர் 11 பின்வருமாறு கூறினார்: “வாடகைய விடுங்க. ஆளு வரணும்ல? முன்னாடி வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சா கடையில நிக்க இடமிருக்காது. வீட்டுக்கு வேண்டியத வாங்கிட்டுப் போவாங்க.” மேற்கண்ட கூற்றுகளிலிருந்து வாடகை உயர்வு இப்பகுதி வணிகர்களுக்குப் பெரும் சிக்கலாக உள்ளது என்பதை அறிய முடிகிறது.’

இத்தோடு அடுத்த உட்தலைப்பு வந்துவிடும். மூன்று பேர் பேசிவிட்டார்கள், ஆய்வாளர் குறுக்கே வரவில்லை. நடப்பில் உள்ள பார்வைப்படி இது நல்ல இயல். நான் தேர்வாளராக இருந்தால் இதைத் திருப்பி அனுப்புவேன். ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

கடைசி வாக்கியத்தை மட்டும் முதலில் பாருங்கள். வாடகை உயர்வு வணிகர்களுக்குச் சிக்கல் என்பதை அறிய நேர்காணலே தேவையில்லை. சாலைக்குப் போகாமலே எழுதியிருக்கலாம். அதைவிட மோசம், அந்த வாக்கியம் மேலே உள்ள மூன்று பேச்சுக்கும் பொருந்தவில்லை. பதினோராமவர் ‘வாடகைய விடுங்க’ என்று வெளிப்படையாகவே மறுக்கிறார். ஆய்வாளர் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் சொல்ல வருகிறார். அவரைப் பிடித்து வாடகைத் தலைப்பின் கீழ் உட்கார வைத்து, வாடகையே பெரும் சிக்கல் என்பதற்குச் சான்றாக்கியிருக்கிறது இந்த இயல். அவருடைய சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை. அவர் சொல்ல வந்ததுதான் தலைகீழாகிவிட்டது. மேற்கோளை அப்படியே தருவதே மக்கள் குரலுக்கு மரியாதை என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

அடுத்து, நான்காமவரையும் ஏழாமவரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் 2000 என்கிறார், மற்றவர் யுனெஸ்கோ என்கிறார். இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை உயரவிடாமல் வைத்திருந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வந்தவை. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. மாறுதல் காலம் 1999 முடிவோடு தீர்ந்தது. 2000 பிறந்தபோது உரிமையாளர் கேட்டதே வாடகை. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2008 ஜூலையில். ஆக, இரண்டு கடைக்காரர்கள் ஒரே துன்பத்துக்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். இங்கேதான் ஆய்வு தொடங்க வேண்டும். அந்த இயலோ இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஏழாமவர் தவறாக நினைவு வைத்திருக்கிறார் என்று உடனே எழுதிவிடக்கூடாது. அது எதிர்ப்பக்கத்துத் தவறு. அவருடைய குத்தகை உண்மையிலேயே 2008க்குப் பின் புதுப்பிக்கப்பட்டு, அப்போதுதான் வாடகை ஏறியிருக்கலாம். அப்படியானால் அவர் சொல்வது அவருடைய கடையைப் பொறுத்தவரை சரி. குத்தகை முன்பே மாறியிருந்தால் அதுவும் ஒரு கண்டறிதல்தான். சட்டம் நீங்கியதற்குத் தெருவில் அடையாளம் எதுவும் கிடையாது. யுனெஸ்கோவுக்கு அறிவிப்புப் பலகை இருக்கிறது, வழிகாட்டி வரைபடம் இருக்கிறது, கேமராவோடு வரும் கூட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதன் மேல் காரணத்தை ஏற்றிச் சொல்வது மனித இயல்பு. எது உண்மை என்பதை முடிவுசெய்ய ஒரே ஒரு தகவல் வேண்டும்: அவருடைய குத்தகை எந்த ஆண்டு மாறியது? நேர்காணலில் அதைக் கேட்டிருந்தால் இந்த இயலுக்கு உயிர் வந்திருக்கும். கேட்கவில்லை என்பதை மேற்கோள் மறைத்துவிடுகிறது. மேற்கோள் நீளமாக இருக்க இருக்க இந்த மறைப்பும் முழுமையாகிறது.

இன்னொன்றும் மறைகிறது: ஆய்வாளர் கேட்ட கேள்வி. ‘யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகு உங்கள் வாடகை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தால் ஏழாமவரின் பதிலில் யுனெஸ்கோ வந்ததில் வியப்பில்லை. அது ஆய்வாளர் கொடுத்த சொல். ‘இந்தக் கடை பற்றிச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டு, அவராகவே யுனெஸ்கோவைக் கொண்டுவந்திருந்தால் அதன் எடை வேறு. நம் ஆய்வேடுகளில் மேற்கோளைத் தருவதற்கு முன் கேள்வியைக் கழற்றிவிடுகிறார்கள். ஒருவர் தானாகப் பேசியதுபோல அது பக்கத்தில் நிற்கிறது. ஆய்வாளர் குறுக்கே வரக்கூடாது என்ற கொள்கை இங்கே செய்திருப்பது, அவர் குறுக்கே வந்த தடத்தை அழித்ததுதான். ஒரு கண்டறிதல் இயலை மதிப்பிடும்போது ஐயம் தரும் மேற்கோள்களுக்கு முன்னால் என்ன கேள்வி இருந்தது என்று பின்னிணைப்பில் உள்ள நேர்காணல் படியைப் புரட்டிப் பார்ப்பது தேர்வாளரின் கடமை. படியே இணைக்கப்படவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும்.

இனி நான்காமவருக்கும் பதினோராமவருக்கும் இடையே உள்ள தொடர்பு. இந்தப் பகுதியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். நான்காமவர் வாடகையைப் பற்றிப் பேசி முடிக்கும்போது, போகிற போக்கில், மாடியில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள் என்கிறார். பதினோராமவர், வெள்ளிக்கிழமைக் கூட்டம் வீட்டுக்கு வேண்டியதை வாங்கிப் போன காலத்தைச் சொல்கிறார். இவர் இழந்த வாடிக்கையாளர்கள் அவர் சொல்லும் மாடிக் குடியிருப்பாளர்களாக இருக்கலாம். வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால் கடைக்கு வாடகை ஏறியது ஒரு பாதிப்பு. கடைக்கு மேலேயும் பக்கத்துத் தெருக்களிலும் குடியிருந்தவர்கள் வெளியேறியது இன்னொரு பாதிப்பு. கடையைத் தாங்கிப் பிடித்த வாடிக்கை முதலில் போயிற்று. ஏறிய வாடகை அதற்குப் பிறகுதான் தாங்க முடியாததாயிற்று. இந்தக் கருத்தை மூவரில் ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தம் கடை வாசலிலிருந்து பேசுகிறார்கள். பதினைந்து வாசல்களுக்கும் போய்வந்தவர் ஆய்வாளர் ஒருவர்தான். இரண்டு பேச்சையும் இணைத்துப் பார்க்கும் இடத்தில் அவர் மட்டுமே இருக்கிறார். அந்த இடத்திலிருந்து பேசாமல் ஒதுங்குவதைப் பணிவு என்கிறார்கள். தனக்கென்று கொடுக்கப்பட்ட ஒரே வேலையைச் செய்யாமல் விடுவது என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

‘வாடகை உயர்வு’ ஒரு பேசுபொருள். ‘வாடிக்கை போன பிறகுதான் வாடகை சுமையானது’ ஒரு கருப்பொருள். முன்னதை யாரும் மறுக்க முடியாது. பின்னதை மறுக்கலாம், சோதிக்கலாம், தரவோடு ஒட்டிப் பார்க்கலாம். விர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006இல் உளவியலில் கருப்பொருள் பகுப்பாய்வைப் பற்றி எழுதிய கட்டுரையை நம் மாணவர்கள் எல்லா ஆய்வேட்டிலும் மூன்றாம் இயலில் குறிப்பிடுகிறார்கள். அதிலுள்ள ஆறு படிகளைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதே கட்டுரை எச்சரிக்கும் பிழைகளில் முதலாவது, மேற்கோள்களைக் கோத்துவிட்டுப் பகுப்பாய்வே செய்யாமல் விடுவது. அடுத்தது, நேர்காணல் கேள்விகளையே கருப்பொருளாக வைப்பது. மூன்றாம் இயலில் எந்தக் கட்டுரையின் மேல் சத்தியம் செய்தார்களோ அதே கட்டுரை கண்டிக்கும் செயலை நான்காம் இயலில் செய்கிறார்கள். இதைத் தேர்வாளர் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

பேச்சுப் பகுப்பாய்வுத் துறையிலும் இதே குரல் எழுந்திருக்கிறது. லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் அன்டாக்கி, மைக்கேல் பில்லிக், டெரெக் எட்வர்ட்ஸ், ஜொனதன் பாட்டர் நால்வரும் 2003இல் எழுதிய கட்டுரையில், பகுப்பாய்வு போலத் தோன்றினாலும் பகுப்பாய்வு ஆகாத ஆறு வகைகளை வரிசைப்படுத்தினார்கள். பேச்சைச் சுருக்கித் திரும்பச் சொல்வது, பேசியவர் பக்கம் சேர்ந்துகொள்வது, மேற்கோளை அளவுக்கு மீறி அடுக்குவது எல்லாம் அதில் உண்டு. இவர்கள் பேச்சையே உயிராகக் கொண்டு ஆய்வு செய்தவர்கள். மக்கள் பேச்சின் மேல் மதிப்பில்லாதவர்கள் என்று இவர்களை ஒருவரும் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். காலனிய காலத்திலிருந்தே இந்தச் சாலை மக்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள், அவர்களை எழுதவிடவில்லை. இப்போதாவது அவர்கள் சொற்களில் அவர்கள் வரட்டும் என்பது அந்த வாதம். இந்த வருத்தம் நியாயமானது, அதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் மேற்கோள் அந்த வருத்தத்தைத் தீர்ப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். பதினைந்து பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினால், எழுத்தில் ஏறத்தாழ முந்நூறு பக்கம் வரும். இயலுக்குள் வருபவை, எவ்வளவு தாராளமாக எடுத்தாலும், முப்பது பக்கத்தைத் தாண்டாது. பத்தில் ஒன்பது பங்கு வெளியே நிற்கிறது. உள்ளே வந்த ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்தவர் ஆய்வாளர். எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்தவர் அவர். எந்தத் தலைப்பின் கீழ், யாருக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவுசெய்தவரும் அவர். தமிழும் மலாயும் கலந்து வந்த பேச்சை ஆய்வேட்டு மொழிக்கு மாற்றியவரும் பெரும்பாலும் அவரே. இத்தனை முடிவுகளையும் எடுத்துவிட்டு, ‘நான் எதுவும் சொல்லவில்லை, மக்கள்தான் சொன்னார்கள்’ என்று ஒதுங்கினால் அதிகாரம் குறைந்துவிடாது. கேள்வி கேட்க முடியாத இடத்துக்கு அது போய்விடும். ‘நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், இந்த இரண்டு வரிகள் காரணம்’ என்று எழுதும் ஆய்வாளரோடு ஒரு கடைக்காரர் சண்டை போடலாம். அடுக்கிவைத்த மேற்கோளோடு யாரும் சண்டை போட முடியாது; அது அவருடைய சொந்தப் பேச்சு.

நீண்ட மேற்கோளில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. இது சிறிய சாலை. வாப்பா காலத்துக் கடை, மாடியில் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு வீட்டுக்காரர் மாறினார் என்று ஆறேழு வரி தொடர்ந்து வந்தாலே அது யாருடைய கடை என்று அங்கே தேநீர் குடிக்கும் எவரும் சொல்லிவிடுவார். ‘பங்கேற்பாளர் 4’ என்ற எண் அவரைக் காப்பாற்றாது. தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் அடுத்த குத்தகையில் கஷ்டப்படலாம். கருத்தைத் தாங்கும் ஒன்றரை வரியை மட்டும் எடுத்து, மற்றதை ஆய்வாளர் தம் சொல்லில் பொதுமைப்படுத்தி எழுதும்போது இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. குரலைக் காப்பதாகச் சொல்பவர்கள் குரலுக்கு உரியவரின் நலனையும் நினைக்க வேண்டும்.

வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை வேறு வகை. அமெரிக்காவில் ஸ்டட்ஸ் டெர்க்கெல், பெலாரஸில் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் போன்றவர்கள் மக்கள் பேச்சைக் கொண்டே பெரிய நூல்களைக் கட்டியிருக்கிறார்கள். அந்த நூல்கள் ஆய்வுக் கேள்வி ஒன்றை எழுப்பி அதற்கு விடை சொல்வதாகப் பட்டம் கேட்பதில்லை. ஒரு மாணவர் இந்தச் சாலையின் வாய்மொழி ஆவணம் ஒன்றைத் தயாரிக்க விரும்பினால் அது அருமையான வேலை; முழு நேர்காணல்களையும், பேசியவரின் ஒப்புதலோடு, அவருடைய பெயரோடு வெளியிடலாம். ஆனால் முதல் இயலில் ‘மரபுடைமை அங்கீகாரம் வணிகர்களை எவ்வாறு பாதித்தது?’ என்று கேள்வி எழுப்பிவிட்டால், அதற்கு விடை சொல்லும் பொறுப்பு ஆய்வாளருடையது. அந்தப் பொறுப்பைப் பங்கேற்பாளர் 4இடம் தள்ளிவிட முடியாது. அவர் கடையைப் பற்றிப் பேசினார்; ஆய்வுக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு வகையும் உண்டு: உரையாடலின் ஒவ்வொரு இடைவெளியையும் மூச்சையும் குறித்து வரி வரியாகப் படிக்கும் ஆய்வுகளில் மேற்கோள் நடுவில்தான் நிற்கும். அங்கே ஒரு பக்க மேற்கோளுக்கு ஐந்து பக்கம் பகுப்பாய்வு வரும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மேற்கோளே சான்று, படிப்பவர் தாமே முடிவுசெய்துகொள்ளட்டும் என்றும் சொல்கிறார்கள். படிப்பவரிடம் மீதி இருநூற்றெழுபது பக்கம் இல்லை. அவரால் எப்படி முடிவுசெய்ய முடியும்? இந்தச் சாலைக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சுற்றுலா வழிகாட்டிகளில் இதற்கு ‘நல்லிணக்கச் சாலை’ என்று பெயர். அங்கே யாரிடம் கேட்டாலும் நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று ஏதாவது ஒரு வடிவில் சொல்வார்கள். பத்துப் பேர் சொன்னதை அப்படியே அடுக்கினால் ‘மத நல்லிணக்கம்’ என்று ஓர் உட்தலைப்பு தயார். அந்தப் பதில் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வெளியாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதிலாக இருக்கலாம். ஒரே மாதிரியான பதில் பத்துப் பேரிடமிருந்து வந்தால் அது பத்து மடங்கு சான்று ஆகிவிடாது. அது எங்கே உருவான பதில் என்ற கேள்விதான் எழ வேண்டும். 1867 ஆகஸ்டில் இதே சுற்றுவட்டாரத்தில் பெரும் கலவரம் நடந்தது. அதில் கீ ஹின் என்ற சீனர் சங்கம் வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் கூட்டத்தோடும், தோ பெ கோங் என்ற சீனர் சங்கம் செங்கொடி என்ற முஸ்லிம் கூட்டத்தோடும் சேர்ந்து மோதின. சீனர் ஒரு பக்கம் முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று இல்லாமல், இரண்டு பக்கத்திலும் இருவரும் இருந்தார்கள். சேர்ந்திருந்ததும் சண்டையிட்டதும் மதக் கோட்டின்படி நடக்கவில்லை என்பது இந்தச் சாலையின் வரலாறு. ‘ஒற்றுமை’ என்று இன்று ஒருவர் சொல்லும்போது எந்தக் கோட்டின் இரு பக்கத்தைச் சொல்கிறார்? மதமா, வணிகமா, வீட்டுக்காரரும் குத்தகைக்காரருமா? ஆய்வாளர் கேட்டு எழுதாமல் படிப்பவர் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த சூலியா சமூகத்தைப் பற்றிக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட வரலாறு 1786இலிருந்து 1957 வரை வருகிறது. அதைப் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போகும் மாணவர் கேட்கும் கேள்வி கண்டிப்பாக வேறாக இருக்கும்.

சரியான பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாமல் குறை மட்டும் சொல்லக்கூடாது. மேலே தந்த மூன்று பேச்சையும் வைத்து நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி எழுதுவேன்:

‘வாடகை உயர்வைக் கடைக்காரர்கள் பலர் குறிப்பிட்டாலும், அன்றாட வாடிக்கையை நம்பியிருந்த கடைகளில் அது முதல் அடியாக இருந்ததாகத் தெரியவில்லை. அவற்றை நடத்துவோர் முதலில் சொல்வது குடியிருப்பாளர்கள் வெளியேறியதை. 2000க்குப் பின் நடந்ததைச் சொல்லும்போது ஒருவர், வாடகையோடு சேர்த்து, “மேல மாடியில குடியிருந்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க” என்றார். வாடகை பற்றிய கேள்வியையே ஒதுக்கிய இன்னொருவர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் மக்கள் “வீட்டுக்கு வேண்டியத வாங்கிட்டுப்” போன காலத்தோடு இன்றைய நாளை ஒப்பிட்டார். தொழுகைக்கு வருவோர் இன்றும் உண்டு என்பதால், குறைந்தது கூட்டம் அல்ல, பக்கத்தில் வீடுள்ள கூட்டம் என்று கருதுகிறேன். காசு மாற்றும் கடைக்காரர்களிடம் இந்தப் போக்கு இல்லை. அவர்கள் வாடகையை மட்டுமே சொன்னார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் வெளியூர்க்காரர் என்பது இதற்குக் காரணமாகலாம்.’

இதில் மேற்கோள் இரண்டே வரி. மூன்று பேச்சையும் முழுதாக அடுக்கிய பகுதியைவிட இதில் கடைக்காரர்கள் அதிகமாகக் கேட்கப்படுகிறார்கள் என்பேன், ஏனென்றால் பதினோராமவர் கேள்வியை மறுத்தது இங்கே பதிவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் பற்றிய வாக்கியம் நேர்காணலிலிருந்து வரவில்லை. ஆய்வாளர் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நின்று பார்த்து எழுதிய குறிப்பிலிருந்து வர வேண்டும்; நிற்கவில்லை என்றால் அதை எழுதக்கூடாது. காசு மாற்றும் கடைகள் பற்றிய வாக்கியங்கள் கருத்துக்கு எதிரான சான்றைத் தேடிப் போனதால் வருபவை. அப்படிப்பட்ட கடைக்காரர்கள் பேசியதை மறுபடி படித்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அவர்களும் குடியிருப்பாளர்களைப் பற்றியே பேசியிருந்தால் என் விளக்கம் உடைந்துவிடும், திருத்தி எழுத வேண்டியிருக்கும். உடையக்கூடிய வாக்கியம் ஒன்று இருப்பதால்தான் இது பகுப்பாய்வு. ஏழாமவர் இதில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அவருடைய குத்தகை ஆண்டு தெரியாதவரை அவரை எந்தப் பக்கத்துக்கும் சான்றாக நிறுத்த எனக்கு உரிமையில்லை.

இப்படிப்பட்ட இயலைத் தேர்வாளர் எப்படிச் சோதிக்கலாம்? எல்லா மேற்கோள்களையும் கையால் மறைத்துவிட்டு, ஆய்வாளரின் வாக்கியங்களை மட்டும் தொடர்ந்து படிக்க வேண்டும். அங்கே ஒரு வாதம் ஓடினால், மேற்கோள்கள் அதற்குத் துணை நிற்கின்றன. ‘பின்வருமாறு கூறினார்’, ‘மேலும் கூறினார்’, ‘இதையே வலியுறுத்தினார்’ என்ற இணைப்புகள் மட்டும் மிஞ்சினால் அங்கே இயல் இல்லை. மேற்கோளுக்குப் பின் நாலு வரி இருக்கிறதே என்று ஏமாந்துவிடவும் கூடாது. அந்த நாலு வரி மேற்கோள் சொன்னதையே இலக்கிய நடையில் திரும்பச் சொன்னால் அதன் எடை சுழிதான். மேற்கோளுக்கும் விளக்கத்துக்கும் இத்தனைக்கு இத்தனை என்று விகிதம் கேட்கும் தேர்வாளர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இந்த நோய் பரவுவதில் மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்விவோ போன்ற மென்பொருளில் குறியீடு போட்டு, ‘வாடகை’ என்ற குறியீட்டின் கீழ் விழுந்த பேச்சு எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் வெளியே எடுக்க முடிகிறது. அந்த அறிக்கை பார்ப்பதற்கு முடிந்த இயல் போலவே இருக்கிறது. இரவும் பகலும் ஒலிப்பதிவை எழுத்தாக்கிக் களைத்த மாணவர் அதை அப்படியே ஒட்டிவிடுகிறார். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குச் சான்று எங்கே என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்களோ என்ற பயமும் இருக்கிறது. மேற்கோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அடி விழாது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான், அதாவது நெறியாளர்களும் தேர்வாளர்களும்.

ஆகையால் அறிக்கையில் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘மேற்கோள்களைக் குறைக்கவும்’ என்று எழுதுவது பயனற்றது. மாணவர் பாதியை நீக்கிவிட்டு அதே இயலைத் திருப்பித் தருவார். நான் கேட்பவை வேறு. ஒவ்வொரு உட்தலைப்பையும் ஒருவர் மறுக்கக்கூடிய முழு வாக்கியமாக மாற்ற வேண்டும். அந்த வாக்கியத்துக்கு எதிராகப் பேசிய பங்கேற்பாளரை ஒலிப்பதிவில் தேடி, இருந்தால் இயலுக்குள் கொண்டுவர வேண்டும். கேள்வியால் வந்த பதில் என்று ஐயம் எழும் இடங்களில் கேள்வியையும் சேர்த்துத் தர வேண்டும். இவற்றை ஏற்கெனவே கையில் உள்ள பதிவுகளை வைத்தே செய்யலாம். சில இடங்களில் கையில் உள்ளது போதாது. ஏழாமவரின் குத்தகை எந்த ஆண்டு மாறியது என்பது பதிவில் இல்லையென்றால், மாணவர் மறுபடி அந்தச் சாலைக்குப் போய் அவரிடம் கேட்டு வர வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. அது முடியாமல் அந்த இயலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.